ரேட்டிங் எப்படி இன்கிரிமென்ட் ஆகிறது என்ற கணக்கைக் காட்டுங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு,

இந்த ஆண்டு அப்ரைசல் கடிதம் கைக்கு வந்த சூட்டோடு, சம்பள விவரத்தைச் சக ஊழியர்களிடம் பேசக் கூடாது என்ற சுற்றறிக்கையும் வந்து சேர்ந்தது. கடிதத்தில் இருந்தது ஒரே வரிதான்: ரேட்டிங் 3, இன்கிரிமென்ட் 6 சதவீதம். பக்கத்து மேசைக்காரருக்கும் அதே ரேட்டிங் 3, ஆனால் 9 சதவீதம். ரேட்டிங் 4 வாங்கிய ஒருவருக்கு 7 தான். காரணம் கேட்டவர்களுக்கு "பட்ஜெட் அவ்வளவுதான்" என்ற பதில் கிடைத்தது. சுற்றறிக்கை கேட்கும் மௌனத்தை எங்களால் தர முடியாது. ஆகவே இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே சதவீதம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியலையும் கேட்கவில்லை. ஒரு ரேட்டிங் எந்த வழியில் ஒரு தொகையாக மாறுகிறது என்பதை, ரேட்டிங் போடுவதற்கு முன்பே எழுத்தில் காட்டுங்கள் என்கிறோம். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் எப்படியும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். எண்கள் தெரிந்து விதி தெரியாமல் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய விதியைக் கற்பித்துக்கொள்கிறார்கள். முதலாளிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதல் கோளாறு வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. இப்போது ரேட்டிங்கும் சம்பளமும் ஒரே எக்செல் ஷீட்டில், அடுத்தடுத்த பத்தியில் இருக்கின்றன. கடைசி வரியில் மொத்தத் தொகை பட்ஜெட்டைத் தாண்டினால், யாருடைய சதவீதத்தைக் குறைப்பது என்று பார்ப்பார்கள். குறைத்த சதவீதத்துக்கு ரேட்டிங் பொருந்தாவிட்டால் ரேட்டிங்கையும் ஒரு படி இறக்கிவிடுவார்கள். அதாவது தொகை முதலில், மதிப்பீடு அதற்கு ஏற்ப. இது நடந்ததா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. டீம் லீட் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தில் 4 இருக்கும், கடிதத்தில் 3 இருக்கும், ஆனால் கருத்துப் பகுதியில் ஒரு சொல்கூட மாறியிருக்காது. "எல்லா இலக்குகளையும் காலக்கெடுவுக்கு முன்பே முடித்தார்" என்ற வாசகத்தின் கீழே "எதிர்பார்த்தபடி" என்ற ரேட்டிங். இந்த ஆண்டு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. ஹெச்.ஆர். கோப்பில் இரண்டையும் ஒப்பிட்டால் நீங்களே பார்க்கலாம்.

சரி செய்ய வழி இருக்கிறது. ரேட்டிங் ஷீட்டிலிருந்து சம்பளப் பத்தியை எடுத்துவிடுங்கள். டீம் லீட்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொருவரின் வேலையையும் ஆதாரத்தோடு பேசி ரேட்டிங்கை முடிவு செய்யட்டும். அதை ஊழியரிடம் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியாகட்டும். பணக் கணக்கு அதன் பிறகுதான் திறக்கப்பட வேண்டும். சிறிய நிறுவனத்தில் ரேட்டிங்கை அங்கீகரிப்பவரும் பணத்தை ஒதுக்குபவரும் ஒருவராகவே இருப்பார் என்பது உண்மைதான். ஆளை மாற்ற முடியாத இடத்தில் தேதியையாவது மாற்றலாம். ரேட்டிங் பூட்டப்பட்ட நாளுக்கும் தொகை கணக்கிடப்படும் நாளுக்கும் இரண்டு வார இடைவெளி விட்டால், பின்னோக்கித் திருத்துவது பளிச்சென்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதே பாதி பேரைத் தடுக்கும்.

இனி கணக்குக்கு வருகிறோம். நீங்கள் அஞ்சுவது எங்களுக்குப் புரிகிறது. "ரேட்டிங் 4-க்கு 12 சதவீதம்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, டீம் லீட்கள் தாராளமாக 4 போட்டுத் தள்ளினால் பட்ஜெட் உடைந்துவிடும். ஆகவே சதவீதத்தை அறிவிக்க வேண்டாம், எடையை அறிவியுங்கள். ரேட்டிங் 4-க்கு எடை 1.5, 3-க்கு 1, 2-க்கு 0.5, 1-க்குச் சுழியம். மொத்தத் தொகை எவ்வளவு என்பதையும் அறிவியுங்கள். சதவீதம் தானாக வந்து விழும், பட்ஜெட்டை ஒரு காசுகூடத் தாண்டாது.

இருபது பேர், எல்லோருடைய மாதச் சம்பளமும் சேர்த்து 8,00,000 என்று வைத்துக்கொள்வோம். இன்கிரிமென்ட்டுக்கு 8 சதவீதம் ஒதுக்கினால் மாதத்துக்கு 64,000. ரேட்டிங் 4 பெற்ற மூவரின் மொத்தச் சம்பளம் 1,50,000. அதை 1.5-ஆல் பெருக்கினால் 2,25,000. ரேட்டிங் 3 பெற்ற பதின்மூன்று பேரின் சம்பளம் 5,10,000, எடை 1 என்பதால் அப்படியே. ரேட்டிங் 2 பெற்ற மூவருக்கு 1,10,000, அதில் பாதி 55,000. ரேட்டிங் 1 பெற்ற ஒருவரின் சம்பளம் 30,000, அது கணக்கில் சுழியம். எடையிட்ட மொத்தம் 7,90,000. 64,000-ஐ இதனால் வகுத்தால் 8.1 சதவீதம். இதை அலகு என்று அழைக்கலாம். ரேட்டிங் 3 பெற்றவருக்கு ஓர் அலகு, அதாவது 8.1 சதவீதம். 4-க்கு ஒன்றரை அலகு, 12.15 சதவீதம். 2-க்கு அரை அலகு, 4.05 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டினால் 63,990 வரும், மிச்சம் பத்து ரூபாய்கூட ஒருவர் வீட்டுக்குப் போய்விடவில்லை என்று யாரும் சரிபார்க்கலாம்.

இந்த முறைக்கு இன்னொரு பலன் உண்டு. டீம் லீட்கள் மனம் இளகிப் பத்துப் பேருக்கு 4 போட்டுவிட்டார்கள் என்று கொள்வோம். அந்தப் பத்துப் பேரின் சம்பளம் 4,20,000, ரேட்டிங் 3 பெற்ற ஒன்பது பேரின் சம்பளம் 3,50,000, ரேட்டிங் 2 பெற்ற ஒருவருக்கு 30,000. எடையிட்ட மொத்தம் 9,95,000 ஆகிவிடும், அலகு 6.43 சதவீதத்துக்கு இறங்கும். 4 வாங்கியவருக்கு இப்போது 9.65 சதவீதம்தான். 3 வாங்கியவர் 8.1-லிருந்து 6.43-க்கு வந்துவிடுவார். கூடுதலாகப் போடும் ஒவ்வொரு 4-ம் மற்றவர் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என்பதை, ரேட்டிங் கூட்டத்துக்கு முன்பே டீம் லீட்களுக்கு இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே காட்டிப் புரியவைக்கலாம். கட்டாயமாக இத்தனை பேருக்குத்தான் 4, இத்தனை பேருக்கு 1 என்று கோட்டா வைப்பதைவிட இது நேர்மையானது. நால்வர் இருக்கும் டீமில் ஒருவரையாவது கடைசிப் படியில் தள்ளியே தீர வேண்டும் என்பது மதிப்பீடு ஆகாது, சீட்டுக் குலுக்கல் ஆகும். அந்தக் கோட்டா முறை பெரிய எண்ணிக்கையை மனத்தில் வைத்து வந்தது. நம் அளவுக்கு அது ஒத்துவராது.

ஒரே ரேட்டிங்குக்கு வேறு வேறு சதவீதம் தருவதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது சம்பள வரம்பில் ஒருவர் நிற்கும் இடம். ஒரே பதவியின் நடுச் சம்பளம் 40,000 என்று கொள்ளுங்கள். அதில் ஒருவர் 30,000 வாங்குகிறார், இன்னொருவர் 46,000. இருவருக்கும் ரேட்டிங் 3, இருவருக்கும் 8 சதவீதம் என்றால் ஒருவருக்கு 2,400 ஏறும், மற்றவருக்கு 3,680. ஒரே வேலையை ஒரே தரத்தில் செய்யும் இருவருக்கு இடையே இருந்த 16,000 இடைவெளி 17,280 ஆகிவிடும். ஆண்டுதோறும் இது வளர்ந்துகொண்டே போகும்.

இதைச் சரிக்கட்ட இரண்டாவது காரணி ஒன்றைச் சேர்க்கலாம். ஒருவரின் சம்பளத்தை அந்தப் பதவியின் நடுச் சம்பளத்தால் வகுத்தால் வருவது வரம்பு விகிதம். அது 0.90-க்குக் கீழே இருந்தால் காரணி 1.25, 0.90-க்கும் 1.10-க்கும் நடுவே இருந்தால் 1, அதற்கு மேலே போனால் 0.75. அலகு 8 சதவீதமாக அமைந்தால் 30,000 வாங்குபவருக்கு 10 சதவீதம், அதாவது 3,000. 46,000 வாங்குபவருக்கு 6 சதவீதம், அதாவது 2,760. இடைவெளி 15,760 ஆகச் சற்றே சுருங்கும். அலகைக் கணக்கிடும்போது ஒவ்வொருவரின் சம்பளத்தையும் ரேட்டிங் எடையால் மட்டுமன்றி இந்தக் காரணியாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இதை மறந்தால் பட்ஜெட் இடிக்கும். பாதியில் சேர்ந்தவருக்கு வேலை செய்த மாதங்களைப் பன்னிரண்டால் வகுத்துப் பெருக்கினால் போதும்.

இந்த ஆண்டு 6-க்கும் 9-க்கும் இடையே வந்த வேறுபாடு இந்தக் காரணத்தால் வந்ததாகவே இருக்கலாம். அப்படியானால் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் மேசைக்கு மேசை நடந்த பேச்சில் பாதி எழுந்திருக்காது. வரம்பின் மேல்பகுதியில் நிற்கும் மூத்தவர்களுக்கு இந்த விதி முதல் முறை கசக்கும் என்பதும் தெரியும். எங்களில் சிலரே அந்த இடத்தில் இருக்கிறோம். ஆனால் எதனால் 6 என்று தெரிந்து வாங்கும் 6 ஒரு மாதிரி, காரணம் தெரியாமல் வாங்கும் 6 வேறு மாதிரி. முன்னதை எதிர்த்து வாதாடலாம், பொறுத்தும் போகலாம். பின்னதற்கு வேலை மாற்றம் ஒன்றுதான் பதில் என்று ஆகிவிடுகிறது.

அந்த மூத்தவர்களுக்கு ஈடு செய்யும் இடம் போனஸ். இன்கிரிமென்ட் ஒருமுறை கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் தொடரும், அடுத்த ஆண்டு உயர்வும் அதன் மேலேயே ஏறும். போனஸ் அந்த ஆண்டின் வேலைக்கு அந்த ஆண்டோடு முடியும் கூலி. எனவே வரம்பில் நிற்கும் இடம் போனஸைத் தொடவே கூடாது. மாதச் சம்பளம், ரேட்டிங் எடை, வேலை செய்த மாதங்கள் ஆகிய மூன்றும் போதும். போனஸ் தொகை 6,00,000 என்றும், எல்லோருடைய எடையிட்ட சம்பளத்தையும் கூட்டினால் 7,50,000 என்றும் வைத்தால், அலகு 0.8 மாதச் சம்பளம். 40,000 வாங்கும் ஒருவர் ரேட்டிங் 3 பெற்றால் 32,000, ரேட்டிங் 4 பெற்றால் 48,000. ஆறு மாதம் மட்டும் வேலை செய்து ரேட்டிங் 3 பெற்றவருக்கு 16,000. இதில் வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை.

போனஸில் சிக்கல் வருவது பங்கீட்டில் அல்ல, மொத்தத் தொகையில். லாபத்தில் எத்தனை சதவீதம் போனஸுக்குப் போகும், லாபம் எந்த அளவுக்குக் கீழே போனால் போனஸே இல்லை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த அளவுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். முழு லாப நட்டக் கணக்கைத் திறந்துகாட்டத் தேவையில்லை. "இப்போதைய நிலையில் போனஸ் அலகு 0.5 மாதம் வரும் போலிருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். ஆண்டு இறுதியில் சுழியம் என்று கேட்பது இடி. மூன்றாவது காலாண்டிலேயே தெரிந்தால் அவரவர் வீட்டுச் செலவைத் திட்டமிட்டுக்கொள்ள முடியும்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். வெளியே வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் நீட்டியவரைத் தக்கவைக்கக் கொடுக்கும் உயர்வு. கொடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, சில நேரம் வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பணம் எந்தப் பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன கணக்கில் ரேட்டிங் 4 பெற்ற, 50,000 வாங்கும் ஒருவருக்கு 20 சதவீதம் தனியாகப் பேசிக் கொடுத்தால் 10,000 அதே 64,000-லிருந்து போய்விடும். மிச்சம் 54,000. அவரை நீக்கினால் எடையிட்ட மொத்தம் 7,15,000. அலகு 8.1-லிருந்து 7.55-க்கு விழும். 40,000 வாங்கும் ஒவ்வொரு ரேட்டிங் 3-காரரும் மாதம் 220 குறைவாக வாங்குவார். போகிறேன் என்று சொன்னவருக்கு, போகாமல் இருந்தவர்கள் கட்டிய வரி அது. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பேர் கடிதம் நீட்டுவார்கள். பதவி உயர்வுக்கும் இதே விதிதான். ஒருவரை மேல் பதவிக்கு ஏற்றும் செலவு, அதே இடத்தில் நிற்பவர்களின் இன்கிரிமென்ட்டில் கை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். ஆண்டில் எத்தனை பேருக்கு அதிலிருந்து கொடுத்தீர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

வெளிப்படை என்றால் தனிநபர் விவரம் அம்பலமாகும் என்ற உங்கள் கவலைக்கும் இடம் கொடுத்தே இதைச் சொல்கிறோம். அறிவிக்க வேண்டியவை: எடைகள், வரம்புக் காரணிகள், ஒவ்வொரு பதவியின் நடுச் சம்பளம், மொத்த ஒதுக்கீடு, எடையிட்ட மொத்தம், அலகு, ஒவ்வொரு ரேட்டிங்கிலும் எத்தனை பேர். பெயரும் தனிப்பட்ட தொகையும் வேண்டாம். ஆனால் இருபது பேரில் ஒருவருக்கு மட்டும் ரேட்டிங் 1 என்று அறிவித்தால் அது யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே மூவருக்குக் குறைவாக இருக்கும் படியைப் பக்கத்துப் படியோடு சேர்த்து, "1, 2 ஆகிய இரண்டிலும் சேர்த்து நான்கு பேர்" என்று போடுங்கள். டீம் வாரியாகப் பிரித்து அறிவிக்கவே வேண்டாம். சிறிய டீமில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முகம்தான்.

தனிக் கடிதத்தில் கணக்கு முழுவதும் இருக்க வேண்டும். பழைய சம்பளம் 30,000, ரேட்டிங் 3, எடை 1, வரம்பு விகிதம் 0.75, காரணி 1.25, அலகு 8 சதவீதம், உயர்வு 10 சதவீதம், தொகை 3,000, புதிய சம்பளம் 33,000. ஒன்பதே விவரங்கள். வாங்குபவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். சரியாக வந்தால் அவர் கோபம், அது இருந்தால், ரேட்டிங்கின் மேல் திரும்பும். அதுதான் திரும்ப வேண்டிய இடம், ஏனென்றால் ரேட்டிங்கை ஆதாரம் வைத்துப் பேச முடியும்.

அதற்கு முறையீட்டு வழி வேண்டும். அளவு கடந்து திறந்துவிட்டால் இருபது பேரும் வரிசையில் நிற்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆகவே இரண்டு காரணங்களுக்கு மட்டும் முறையீட்டை ஏற்கலாம். ஒன்று, மதிப்பீட்டில் உள்ள தகவல் தவறு. முடித்த வேலை முடியாததாகப் பதிவாகியிருக்கிறது என்பது போல. மற்றது, விதியைத் தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள். சேர்ந்த மாதமோ பதவியின் நடுச் சம்பளமோ பிசகியிருக்கிறது. "எனக்கு இன்னும் வேண்டும்" என்பது முறையீடு ஆகாது. கடிதம் வந்த பத்து வேலை நாளுக்குள் எழுத்தில் கொடுக்கட்டும், ரேட்டிங் போட்டவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும். திருத்தத்துக்கான பணத்தை அலகு கணக்கிடும் முன்பே ஒதுக்கீட்டிலிருந்து சிறு பகுதியாக எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் தவறைத் திருத்த மற்றவர் கடிதங்களைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கவே முறையீடுகள் எல்லாம் தள்ளுபடி ஆகும்.

இந்தக் கணக்கால் ஆகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மோசமாகப் போட்ட ரேட்டிங்கை எந்தக் கணக்கும் நல்லதாக்காது. நான்கு படிகளும் எதைக் குறிக்கின்றன என்பது பதவிக்குப் பதவி எழுதப்படாவிட்டால், மேலே சொன்னதெல்லாம் தப்பான எண்ணைத் துல்லியமாகப் பெருக்கும் வேலையாகவே முடியும். அதைத் தனியே பேச வேண்டும், பேசுவோம். ஆனால் ரேட்டிங் சரியாகும் வரை பணக் கணக்கை மறைத்து வைப்போம் என்பதை ஏற்க மாட்டோம். கணக்கு வெளியே தெரிந்தால்தான் ரேட்டிங்கைக் கவனமாகப் போட வேண்டிய கட்டாயம் டீம் லீட்களுக்கு வரும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சம்பளம் பற்றிப் பேசக் கூடாது என்ற சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள்.

இந்த ஆண்டுக் கடிதம் பெற்ற ஒவ்வொருவருக்கும், அவர் சதவீதம் எப்படி வந்தது என்பதை இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் தாருங்கள். டீம் லீட் கொடுத்த ரேட்டிங் மாற்றப்பட்டிருந்தால் யார், எந்த ஆதாரத்தில் மாற்றினார் என்பதும் அதில் இருக்கட்டும். காரணம் காட்ட முடியாத மாற்றங்களைப் பழைய ரேட்டிங்குக்கே கொண்டுவந்து, வித்தியாசத் தொகையை முன்தேதியிட்டு வழங்குங்கள்.

அடுத்த அப்ரைசல் ஆண்டு தொடங்கும் முன் எடை, வரம்புக் காரணி, பதவிவாரி நடுச் சம்பளம், போனஸுக்கான லாப அளவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். ஆண்டின் நடுவில் அதை மாற்றாதீர்கள்.

ரேட்டிங் ஷீட்டையும் சம்பள ஷீட்டையும் பிரியுங்கள். தக்கவைப்பு உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் இன்கிரிமென்ட் ஒதுக்கீட்டுக்கு வெளியே பணம் வையுங்கள்.

முறையீட்டைக் கேட்கும் குழுவில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இடம் தாருங்கள்.

மேலே உள்ள கணக்கை இந்த ஆண்டு எண்களில் போட்டுப் பார்க்க, ஹெச்.ஆர். பிரிவோடு உட்கார எங்களில் இருவர் தயார். தேதியை நீங்கள் சொல்லுங்கள். பதிலை இந்த மடலைப் போலவே எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஊழியர்கள்